ஒரு லைன் போனா மிச்ச லைன் தாங்குமா? டிசி லோட் ஃப்ளோவை எப்போ நம்பலாம்

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த கணக்குகளைப் படிக்க வசதியாக ஃபார்முலாவாகக் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தி. ஒரு பெரிய ட்ரான்ஸ்மிஷன் லைன் திடீர்னு ட்ரிப் ஆயிடுச்சுன்னா, அதுல போயிட்டிருந்த கரண்ட் எங்க போகும்? பக்கத்து லைன் அதைத் தாங்குமா?

கரண்டுக்கு நாம ரூட் போட்டுக் குடுக்க முடியாது. ஒரு ரோடை அடைச்சா போலீஸ்காரர் நின்னு வண்டியைத் திருப்பி விடுவார். கிரிட்ல அப்படி யாரும் கிடையாது. லைன் ட்ரிப் ஆன அடுத்த நொடியே, மிச்சம் இருக்குற எல்லா லைன்லயும் அது தானா பிரிஞ்சு ஓட ஆரம்பிச்சிடும். எந்த லைன்ல எவ்வளவு ஏறும்னு ட்ரிப் ஆகுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கணும். அதனால லோட் டெஸ்பாட்ச் சென்டர்ல உட்கார்ந்திருக்கிறவங்க எப்பவும் "இது போனா என்ன ஆகும், அது போனா என்ன ஆகும்"னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இதுக்குப் பேரு என்-1 செக். இருக்குற லைன்ல ஒண்ணு கழிஞ்சாலும் சிஸ்டம் நிக்கணும்னு அர்த்தம்.

இதைச் சரியா கணக்குப் போட ஏசி லோட் ஃப்ளோன்னு ஒரு முறை இருக்கு. ஒவ்வொரு சப்ஸ்டேஷன்லயும் வோல்டேஜ் எவ்வளவு, ஆங்கிள் எவ்வளவுன்னு திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு விடைக்கு நெருங்கி வரும். இன்னைக்கு இருக்குற கம்ப்யூட்டர்ல ஒரு ஆயிரம் லைனை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்குறது பெரிய விஷயமே இல்ல. ஆனா ரெண்டு லைன் சேர்ந்து போனா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, ஆயிரம் லைன்ல 4,99,500 ஜோடி வருது. இல்லன்னா, ஒரு வருஷத்துல இருக்குற 8,760 மணி நேரத்துக்கும் ஆயிரம் லைனையும் சோதிச்சுப் பார்க்கணும்னா, 87 லட்சத்தைத் தாண்டிடும். அங்கதான் எல்லாரும் டிசி லோட் ஃப்ளோவை எடுக்குறாங்க.

பேரு டிசி, ஆனா டைரக்ட் கரண்ட் இல்ல

முதல்ல பேரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். டிசி லோட் ஃப்ளோவுக்கும் பேட்டரியில இருந்து வர்ற டைரக்ட் கரண்ட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்ல. நம்ம ஏசி கிரிட்டையே கொஞ்சம் எளிமையாக்கி எழுதுறப்போ, சமன்பாடு பார்க்க ஓம்ஸ் லா மாதிரியே வந்துடுது. அதனாலதான் இந்தப் பேரு.

ஒரு லைனோட ரெண்டு முனையை எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் வோல்டேஜ் இருக்கு. ரெண்டு அலைக்கும் நடுவுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்குற வித்தியாசம்தான் ஆங்கிள். லைனோட ரெசிஸ்டன்ஸை விட்டுட்டா, ரெண்டு முனைக்கும் நடுவுல ஓடுற பவர் இப்படி வரும்:

```
P = V1 × V2 × sin(θ1 − θ2) / x
```

இதுல x-ங்குறது லைனோட ரியாக்டன்ஸ், அதாவது ஏசி கரண்ட்டுக்கு லைன் காட்டுற தடை. டிசி முறை இங்க மூணு விஷயத்தைச் சும்மா வச்சுக்குது. ஒண்ணு, நாம ஏற்கனவே பண்ணின மாதிரி ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம். ரெண்டு, எல்லா இடத்துலயும் வோல்டேஜ் கரெக்டா 1, அதாவது நூறு சதவீதம். மூணு, ஆங்கிள் வித்தியாசம் சின்னது, அதனால சைனை எடுத்துட்டு ஆங்கிளை அப்படியே போட்டுக்கலாம். கடைசியா மிஞ்சுறது இதுதான்:

```
P = (θ1 − θ2) / x
```

ஆங்கிளை வோல்டேஜாவும், பவரைக் கரண்ட்டாவும், ரியாக்டன்ஸை ரெசிஸ்டன்ஸாவும் நினைச்சுப் பாருங்க. பத்தாம் வகுப்புல படிச்ச ஓம்ஸ் லாதான். திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டியதில்ல, ஒரே தடவைல விடை வந்துடும்.

இந்த மூணுல ஆங்கிள்தான் பெரிய பொய்னு பலரும் நினைக்கிறாங்க. உண்மையில அது ரொம்ப சாது. 10 டிகிரில சைனுக்கும் ஆங்கிளுக்கும் இருக்குற வித்தியாசம் அரை சதவீதம். 30 டிகிரிக்குப் போனாலும் அஞ்சு சதவீதத்தைத் தொடாது. ரெசிஸ்டன்ஸும் 400 கிலோவோல்ட் லைன்ல பெரிய பிரச்சனை இல்ல, ரியாக்டன்ஸ்ல சுமார் பத்துல ஒரு பங்கு, இல்ல அதுக்கும் கம்மி. நம்ம தெருவுக்கு வர்ற 11 கிலோவோல்ட் லைன்ல கதையே வேற. அங்க ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால அங்க டிசி லோட் ஃப்ளோவை எடுத்துட்டுப் போகவே கூடாது. பெரிய லைன்ல நம்மளை நிஜமா ஏமாத்துறது ரெண்டாவது பொய்தான், வோல்டேஜ் எப்பவும் 1-ங்குறது.

மூணு லைன், ஒரு கணக்கு

இதை ஒரு சின்ன கிரிட்ல போட்டுப் பார்ப்போம். கற்பனைதான், ஆனா நீங்களே பேப்பர்ல சரிபார்க்கலாம்.

மூணு இடம். ஒரு பவர் பிளான்ட், ஒரு ஜங்ஷன், ஒரு சிட்டி. பிளான்ட்ல இருந்து சிட்டிக்கு நேரா ஒரு லைன். பிளான்ட்ல இருந்து ஜங்ஷனுக்கு ஒண்ணு, ஜங்ஷன்ல இருந்து சிட்டிக்கு ஒண்ணு. மொத்தம் மூணு லைன், முக்கோணம் மாதிரி. 100 மெகாவாட்டை 1-ன்னு வச்சுப்போம். அந்தக் கணக்குல ஒவ்வொரு லைனோட ரியாக்டன்ஸும் 0.1. ஒவ்வொரு லைனும் தாங்குற அளவு 250. சிட்டி இழுக்குறது 240 மெகாவாட்.

பிளான்ட்ல வோல்டேஜை 1-ல பிடிச்சு வச்சிருக்காங்க. சிட்டில வோல்டேஜைத் தூக்கி நிறுத்த எதுவும் இல்ல. கெப்பாசிட்டர் பேங்க் இல்ல, ஜெனரேட்டர் இல்ல. வோல்டேஜ் குறைஞ்சாலும் சிட்டி அதே 240-ஐத்தான் இழுக்கும்னு வச்சுப்போம். பவர் ஃபேக்டர் 1.

எல்லா லைனும் இருக்குறப்போ டிசி கணக்கு என்ன சொல்லும்? நேர் லைனோட தடை 0.1, சுத்து வழியோடது 0.2. அதனால நேர் லைன்ல ரெண்டு பங்கு, சுத்து வழியில ஒரு பங்கு. அதாவது 160, 80.

ஏசி கணக்கு போட்டா சிட்டி வோல்டேஜ் 0.987 வருது. நேர் லைன்ல ஓடுற கரண்ட் 1.62. டிசி 1.60-ன்னு சொன்னது. ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல தப்பு, அவ்வளவுதான். "அட, டிசி சூப்பரா இருக்கே"ன்னு தோணும். நிறைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இந்த இடத்துலயே நிறுத்திடுவாங்க. லைன் எல்லாம் நல்லா இருக்குற நிலையில ஏசியையும் டிசியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரு சதவீதம்தான் வித்தியாசம், முறை சரின்னு எழுதிடுவாங்க.

இப்போ நேர் லைனைத் தூக்குவோம்.

லைன் போனா எது எங்க ஏறும்னு பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கு. லைன் அவுட்டேஜ் டிஸ்ட்ரிபியூஷன் ஃபேக்டர்னு பேரு. போன லைன்ல ஓடிட்டிருந்ததுல எத்தனை பங்கு இந்த லைனுக்கு வரும்ங்குற எண் அது. கிரிட்டோட வடிவத்தையும் ரியாக்டன்ஸையும் வச்சு முன்னாடியே போட்டு வச்சுக்கலாம். அப்புறம் ஒவ்வொரு அவுட்டேஜுக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்:

```
F_k(புதுசு) = F_k + LODF(k,m) × F_m
```

m-ங்குறது போன லைன், k-ங்குறது நாம பார்க்குற லைன். லட்சக்கணக்குல சோதிக்க முடியுறதுக்குக் காரணமே இந்த எளிமைதான். நம்ம முக்கோணத்துல வேற வழியே இல்லாததால அந்த எண் 1. 80-ல 160 சேர்ந்து சுத்து வழியில 240. தாங்குற அளவு 250. 96 சதவீதம். டிசி சொல்லுது, "நெருக்கமாதான் இருக்கு, ஆனா பாஸ்".

ஏசில என்ன வருது? இந்த மாதிரி எளிய நிலைமைக்குக் கையாலயே போட ஒரு ஃபார்முலா இருக்கு:

```
V² = (1 + √(1 − 4·P²·x²)) / 2
```

P இடத்துல 2.4, x இடத்துல 0.2. போட்டுப் பாருங்க, V கரெக்டா 0.8 வரும். சிட்டில வோல்டேஜ் இருபது சதவீதம் விழுந்துடுச்சு. அதே பவரைக் கம்மி வோல்டேஜ்ல இழுக்கணும்னா கரண்ட் கூடணும். 2.4-ஐ 0.8-ஆல வகுத்தா 3.0. லைன் தாங்குறது 2.5. அதாவது 120 சதவீதம். டிசி "பாஸ்"னு சொன்ன லைன் நிஜத்துல சூடாகி, தொங்கி, கீழ இருக்குற மரத்தைத் தொடப் பார்க்குது.

அவுட்டேஜுக்கு முன்னாடி ஒரு சதவீதமா இருந்த தப்பு, அவுட்டேஜுக்கு அப்புறம் கரண்ட்ல இருபத்தஞ்சு சதவீதம் ஆயிடுச்சு. முறை அதேதான், கிரிட்டும் அதேதான். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. டிசி எவ்வளவு சரின்னு லைன் எல்லாம் இருக்குற நிலையில அளந்தா, நமக்குத் தேவைப்படுற இடத்துல அது எவ்வளவு சரின்னு தெரியாது. லைன் போனதுக்கு அப்புறம்தான் அளக்கணும்.

அதே லைன், ஆனா வோல்டேஜைப் பிடிச்சா?

இப்போ சிட்டில ஒரு கெப்பாசிட்டர் பேங்கோ, ஸ்டேடிக் வார் காம்பென்சேட்டரோ போட்டு, வோல்டேஜை 1-லயே பிடிச்சு வச்சுட்டோம்னு வைங்க. மத்த எதையும் மாத்தல. அதே நேர் லைன் போகுது.

இப்போ ஏசி கணக்குப்படி ஆங்கிள் 28.7 டிகிரி. டிசி சொன்னது 27.5. லைன்ல மொத்தமா ஓடுறது 248. தாங்குறது 250. அதாவது ஏசியும் பாஸ் போடுது, டிசி சொன்ன 240-ல இருந்து மூணு சதவீதம்தான் தள்ளி இருக்கு. அதுக்காகச் சிட்டில கொடுக்க வேண்டிய ரியாக்டிவ் பவர் 61 மெகாவார்.

பாருங்க, ஆங்கிள் முப்பது டிகிரி கிட்ட போயிருக்கு, இருந்தாலும் டிசி சரியாதான் இருக்கு. டிசியைக் கெடுத்தது பெரிய ஆங்கிள் இல்ல. லைன் போனதுக்கு அப்புறம் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கா இல்லையாங்குறதுதான் வித்தியாசம். ரியாக்டிவ் சப்போர்ட் நிறைய இருக்குற, நாலா பக்கமும் லைன் பின்னியிருக்குற 400 கிலோவோல்ட் கிரிட்ல டிசி நல்லா வேலை செய்யும். ஒரு மூலையில தனியா, ரெண்டு மூணு லைனை நம்பி, பக்கத்துல ஜெனரேட்டரே இல்லாம இருக்குற ஒரு பெரிய ஊர்ல அது வழுக்கும்.

தீர்ப்பா, சல்லடையா?

இப்போ நிறைய பேர் கேட்பாங்க, "அப்போ டிசியைத் தூக்கிப் போட்டுடலாமா?"ன்னு. வேண்டாம். நம்ம கணக்கையே திரும்பப் பாருங்க. டிசி 96 சதவீதம்னு சொன்னது. அதையே கடைசித் தீர்ப்பா எடுத்தா தப்பு. ஆனா அதை ஒரு சல்லடையா வச்சு, "90-ஐத் தாண்டின எல்லாத்தையும் ஏசிக்கு அனுப்பு"ன்னு சொல்லியிருந்தா, இந்த அவுட்டேஜ் மாட்டியிருக்கும். ஏசி அதைப் பார்த்து 120-ன்னு சொல்லியிருக்கும்.

ஸ்கிரீனிங்ல ரெண்டு விதமாத் தப்பு பண்ணலாம். பிரச்சனையே இல்லாததைப் பிரச்சனைன்னு அனுப்புறது ஒண்ணு. அதுல போறது கொஞ்சம் கம்ப்யூட்டர் நேரம் மட்டும்தான். பிரச்சனை இருக்குறதை விட்டுடுறது இன்னொண்ணு. அது கிரிட்டையே கவுத்துடும். அதனால டிசி "எவ்வளவு சரி"ங்குறது இங்க கேள்வியே இல்ல. எதையும் விடாம இருக்க, கோட்டை எவ்வளவு கீழ இறக்கணும்ங்குறதுதான் கேள்வி.

அந்தக் கோட்டை எப்படிப் போடுறது? 90-ன்னு யாரோ சொன்னாங்கன்னு போடக் கூடாது. உங்க கிரிட்லயே, லோடு ரொம்ப அதிகமா இருக்குற நேரத்தை எடுத்துக்கோங்க. எல்லா ஒற்றை லைன் அவுட்டேஜையும் ஒரு தடவை முழு ஏசில ஓட்டுங்க. ஒவ்வொண்ணுலயும், லைன் போனதுக்கு அப்புறம், ஏசி சொன்ன கரண்ட்டை டிசி சொன்ன அளவால வகுத்துப் பாருங்க. அதுல மோசமானது 1.08 வந்தா, கோடு 92-க்குக் கீழ. நம்ம முக்கோணத்துல வந்த மாதிரி 1.25 வந்தா, கோடு 80. சராசரியைப் பார்க்காதீங்க. சராசரி எப்பவும் அழகாதான் இருக்கும். வால்ல இருக்குற நாலஞ்சைப் பாருங்க, அதுல பெரும்பாலும் ஒரே ஏரியா திரும்பத் திரும்ப வரும். அந்த ஏரியாவுக்கு மட்டும் தனிக் கோடு போட்டுக்கலாம். அப்படிப் பண்ணினா மொத்தக் கிரிட்டுக்கும் 80 வச்சு ஏசி மேல சுமையை ஏத்த வேண்டியதில்ல.

இன்னொரு நல்ல பழக்கம், ஆரம்பப் புள்ளியை டிசில போடாம ஏசில எடுக்குறது. கன்ட்ரோல் ரூம்ல இப்போ எந்த லைன்ல எவ்வளவு ஓடுதுன்னு ஏற்கனவே தெரியும். அந்த நிஜ அளவை எடுத்துக்கிட்டு, அவுட்டேஜால வர்ற மாற்றத்தை மட்டும் டிசி ஃபேக்டரை வச்சுக் கூட்டுறது. இதை ஹாட் ஸ்டார்ட்னு சொல்லுவாங்க. பிரையன் ஸ்டாட், ஜார்ஜ் ஜார்டிம், ஓங்குன் அல்சாச் மூணு பேரும் 2009-ல எழுதின கட்டுரை ஒண்ணு இந்தத் துறையில ரொம்பப் பேசப்படுறது. டிசி முறைன்னு ஒண்ணே ஒண்ணு கிடையாது, பல வகை இருக்கு, ஏசி விடையில இருந்து கிளம்புறதும் எதுவும் தெரியாம பூஜ்யத்துல இருந்து கிளம்புறதும் வேற வேறன்னு அதுல பிரிச்சுக் காட்டியிருப்பாங்க. ஹாட் ஸ்டார்ட் பண்ணினா லைன் லாஸ் மாதிரி ஆரம்பத்துலயே இருக்குற தப்பு போயிடும். ஆனா லைன் போனதுக்கு அப்புறம் வோல்டேஜ் விழுறதால வர்ற தப்பு அப்படியேதான் இருக்கும். நம்ம முக்கோணத்தை ஹாட் ஸ்டார்ட்ல போட்டாலும் 3.0 கண்ணுல படாது.

கோடு எவ்வளவு இறக்கினாலும் மாட்டாதது

இப்போ அதே முக்கோணத்துல லைனை மட்டும் மாத்துவோம். தடிமனான கண்டக்டர் போட்டாச்சு, ஒவ்வொண்ணும் 400 தாங்கும். ரியாக்டன்ஸ் அதேதான், 0.1. சிட்டில வோல்டேஜ் சப்போர்ட் இல்ல. நேர் லைன் போகுது. டிசி சொல்லுது, 240-ஐ 400-ஆல வகுத்தா 60 சதவீதம். எந்தக் கோடு போட்டாலும் இது மாட்டாது. ஆனா சிட்டில வோல்டேஜ் அதே 0.8 தான்.

லோடை 300-க்கு ஏத்தினா இன்னும் மோசம். டிசி 75 சதவீதம்னு சொல்லும். மேல இருக்குற ஃபார்முலால P இடத்துல 3.0 போட்டுப் பாருங்க. ரூட்டுக்குள்ள மைனஸ் வரும். விடையே இல்ல. 0.2 ரியாக்டன்ஸ் வழியா, சப்போர்ட் இல்லாத ஒரு சிட்டிக்கு 250 மெகாவாட்டுக்கு மேல அனுப்பவே முடியாது. நிஜ வாழ்க்கைல இதுக்குப் பேரு வோல்டேஜ் கொலாப்ஸ். ஏசி ப்ரோக்ராம் விடைக்கு வராமத் திணறும், அந்தத் திணறலே ஒரு எச்சரிக்கை. டிசி எப்பவுமே ஒரு விடை கொடுத்துடும். லைன் சமன்பாடு நேர்கோடு, அதுக்கு முடியாதுங்குற வார்த்தை தெரியாது.

அப்போ இதை எப்படிப் பிடிக்கிறது? வேற ஒரு சல்லடை வேணும். நல்ல விஷயம் என்னன்னா, அதையும் டிசி விடையை வச்சே பண்ணலாம்.

ஒவ்வொரு லைனும் ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி ரியாக்டிவ் பவரைச் சாப்பிடும். தோராயமா, ரியாக்டன்ஸை ஓட்டத்தோட ஸ்கொயரால பெருக்கினா வர்ற அளவு. நம்ம கிரிட்ல லைன் எல்லாம் இருந்தப்போ: நேர் லைன்ல 0.256, சுத்து வழி ரெண்டு லைன்லயும் சேர்த்து 0.128. மொத்தம் 38 மெகாவார். நேர் லைன் போனதுக்கு அப்புறம்: 2.4 ஸ்கொயர் இன்டு 0.2, அதாவது 115 மெகாவார். மெகாவாட் கணக்குல எல்லாம் லிமிட்டுக்குள்ளதான். ஆனா ரியாக்டிவ் பசி மூணு மடங்கு ஆயிடுச்சு. இது டிசி விடை மட்டும் வச்சுப் போட்டது. ஏசில பார்த்தா 180.

அதனால டிசி ஸ்கிரீனிங் ஓட்டுறப்போவே ஒவ்வொரு அவுட்டேஜுக்கும் இதையும் கூட்டிக்கோங்க. ஒரு ஏரியால இந்த எக்ஸ்ட்ரா பசி, அந்த ஏரியால கையிருப்பா இருக்குற ரியாக்டிவ் பவரைவிட அதிகம்னா, லைன் 60 சதவீதம் இருந்தாலும் சரி, அதை நேரா ஏசிக்கு அனுப்புங்க. அதே மாதிரி ஆங்கிளையும் பாருங்க. பிளான்ட்டுக்கும் சிட்டிக்கும் நடுவுல முன்னாடி 9 டிகிரி இருந்தது 27-க்குத் தாவியிருக்கு. ஆங்கிள் தப்பா வர்றதால இதைப் பார்க்கச் சொல்லல. அந்தத் தாவல், வழி ரொம்ப நீளமாயிடுச்சுன்னு காட்டுற அடையாளம்.

பினா–குவாலியர்

இது வெறும் பேப்பர் கணக்குன்னு நினைக்க வேண்டாம். 2012 ஜூலை 30, அதிகாலை 2:33 மணி. மேற்கு கிரிட்டையும் வடக்கு கிரிட்டையும் இணைச்சிட்டிருந்த 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் லைன் ட்ரிப் ஆச்சு. அதோட ஜோடி லைன் 765 கிலோவோல்ட்டுக்கு மாத்துறதுக்காக ஏற்கனவே ஷட்டவுன்ல இருந்தது. இது போனதும் பவர் வேற வழியில பாய, ஒண்ணு மேல ஒண்ணா ட்ரிப் ஆகி, வடக்கு கிரிட் கிட்டத்தட்ட முழுசா இருண்டுச்சு. மறுநாள் மதியம் திரும்பவும் விழுந்தப்போ கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போச்சு. சுமார் 60 கோடிப் பேர் வாழுற பகுதி. அப்போ தெற்கு கிரிட் மத்த கிரிட்டோட ஏசில இணையல. அந்த இணைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியா 2013 கடைசி நாள்லதான் வந்தது. அதனால தமிழ்நாடு உட்பட தென் மாநிலங்கள் அதுல விழல.

அந்த பினா–குவாலியர் லைன் ஏன் ட்ரிப் ஆச்சு? லைன்ல ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்ல. விசாரணைக் குழு சொன்ன காரணம் லோட் என்க்ரோச்மென்ட். லைன்ல இருக்குற டிஸ்டன்ஸ் ரிலே, வோல்டேஜைக் கரண்ட்டால வகுத்துப் பார்க்கும். அந்த எண் ரொம்பச் சின்னதா இருந்தா எங்கயோ ஷார்ட் ஆயிருக்குன்னு முடிவு பண்ணி லைனைத் துண்டிக்கும். லோடு அதிகமாகி, வோல்டேஜும் விழுந்தா, வகுத்தா வர்ற எண் தானாவே சின்னதாயிடும். ரிலே லோடையே ஃபால்ட்னு நினைச்சுடும். ரிலேயோட மூணாவது ஸோன் ரொம்ப தூரம் வரைக்கும் பார்க்கும்ங்குறதால, அதுலதான் இது நடக்கும்.

நம்ம முக்கோணத்துல ஜங்ஷன்ல ஒரு ரிலே வச்சுப் பாருங்க. டிசி கணக்குப்படி வோல்டேஜ் 1, கரண்ட் 2.4. வகுத்தா 0.42. நிஜத்துல ஜங்ஷன் வோல்டேஜ் 0.85, கரண்ட் 3.0. வகுத்தா 0.28. மூணுல ஒரு பங்கு கம்மி. டிசியை நம்பி "ரிலே எல்லை இன்னும் தூரத்துல இருக்கு"ன்னு நினைச்சிட்டிருப்போம், ரிலே ஏற்கனவே உள்ள வந்திருக்கும். அன்னைக்கு யாரோ டிசி கணக்குப் போட்டு ஏமாந்தாங்கன்னு நான் சொல்ல வரல. அந்த மாதிரி ட்ரிப்புக்குத் தேவையான ரெண்டு விஷயம், விழுந்த வோல்டேஜும் அதனால கூடின கரண்ட்டும், டிசில எழுத இடமே இல்லங்குறதைத்தான் சொல்றேன்.

எப்போ போதும்

டிசி ஸ்கிரீனிங் எப்போ போதும்னு நாலு வரியில சொல்லி முடிச்சுக்கிறேன்.

கேள்வி "எந்த லைன் மெகாவாட்ல ஓவர்லோடு ஆகும்"னா, கிரிட் 220, 400 கிலோவோல்ட் மாதிரி பெரிய லைனா இருந்தா, லைன் போனதுக்கு அப்புறமும் வோல்டேஜைத் தாங்க ஆள் இருந்தா, டிசி போதும். அதுவும் ஹாட் ஸ்டார்ட்ல, லைன் போன நிலையில அளந்து போட்ட கோட்டோட. கோட்டைத் தாண்டினதெல்லாம் ஏசிக்குப் போகணும்.

கேள்வி வோல்டேஜ் பத்தினா, ரிலே பத்தினா, ஒரு மூலையில தனியா இருக்குற ஊரைப் பத்தினா, டிசி பாஸ் போட்டதுக்கு மதிப்பே இல்ல. அங்க ரியாக்டிவ் பசியையும் ஆங்கிள் தாவலையும் பார்த்துத் தனியா ஒரு பட்டியல் எடுத்து, அதை முழுசா ஏசில ஓட்டணும். அந்தப் பட்டியல் ஒரு தடவை எடுத்தா போதாது. ஏதாவது லைன் மெயின்டெனன்ஸுக்குப் போச்சுன்னா, ஒரு ஜெனரேட்டர் நின்னுச்சுன்னா, நேத்து வரைக்கும் தாங்கின ஏரியா இன்னைக்கு அந்த மூலை ஊர் ஆயிடும். பட்டியலை அன்னைக்கே திரும்ப எடுக்கணும்.

பேப்பர் எடுத்து அந்த முக்கோணத்துல லோடை 200-ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க. நேர் லைன் போனதுக்கு அப்புறம் சிட்டி வோல்டேஜ் 0.89-க்குப் பக்கத்துல வரணும். 200-ல இருந்து 240-க்குப் போறதுக்குள்ள எவ்வளவு வேகமா விழுதுன்னு அப்போ உங்களுக்கே தெரியும். விடையைக் கமென்ட்ல போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.